ஸ்கிரைபரோடு கொண்டு வா

என் வலது கண்ணில் புரை இருந்ததும், அதை எடுத்துவிட்டு உள்ளே லென்ஸ் வைத்ததும் உண்மைதான். அதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. மறைக்க அதில் என்ன இருக்கிறது? கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கைப்பையில் சொட்டு மருந்தோடு தாம்பரத்தில் பஸ் ஏறுகிற பெண்ணைப் பார்த்தால் கண்டக்டருக்கே விஷயம் புரிந்துவிடும். ஆனால் அந்தக் கண் திடீரென்று ஒரு கம்பெனியின் பொதுச் சொத்தாகி, ஆளாளுக்கு அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வார்கள் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்திருந்தால் குடும்பத்தில் கல்யாணம் என்று சொல்லி லீவு எடுத்திருப்பேன்.

நான் வேலை பார்ப்பது ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், லேத், மில்லிங் மெஷின்கள் ஓடுகிற ஒரு சின்னத் தொழிற்கூடம். பெரிய கம்பெனிகளுக்கு இரும்புப் பாகங்கள் கடைந்து கொடுப்போம். கடைந்த பாகம் வரைபடத்தில் சொன்ன அளவில் இருக்கிறதா என்று பார்த்து, சரி என்றால் பச்சை அட்டை, சரியில்லை என்றால் சிவப்பு அட்டை கட்டுவது என் வேலை. டிப்ளமா முடித்த கையோடு வந்தவள் நான். தலை நரைத்த பிறகும் அதே அறையில்தான் இருக்கிறேன். அந்த அறையில் ஒரு ஏ.சி., ஒரு டியூப் லைட், நடுவில் மேசைபோல் ஒரு கறுப்புக் கிரானைட் கல். அதற்குப் பெயர் சர்ஃபேஸ் பிளேட். முகம் தெரிகிற அளவு மட்டமான கல். அதன்மேல் யாராவது டீ டம்ளரை வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். வைத்தவர்கள் இரண்டாம் தடவை வைத்ததில்லை.

அந்தக் கல்லின்மேல் நிற்கும் கருவிதான் ஹைட் கேஜ். கனமான அடிப்பாகம், அதிலிருந்து செங்குத்தாக எழும் அளவுகோல், அதன்மேல் ஏறி இறங்கும் ஒரு தாடை. தாடையில் உளிபோன்ற ஒரு துண்டை இறுக்கி வைத்திருப்போம். அது ஸ்கிரைபர். ஸ்கிரைபரின் அடிப்பக்கம் பாகத்தின் தலையைத் தொடும்போது, தாடையோடு நகரும் வெர்னியர் என்ற சின்ன அளவுகோலின் எந்தக் கோடு பெரிய அளவுகோலின் எந்தக் கோட்டோடு நேராக நிற்கிறது என்று பார்த்து உயரத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஐம்பது பங்காகப் பிரித்துப் படிக்கிற வேலை. கண் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் பூதக்கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள்.

லீவு முடிந்து நான் திரும்பிய வாரத்தில் ஒரு பிராக்கெட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. உயரம் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். மேலேயும் கீழேயும் பாயிண்ட் ஜீரோ ஃபைவ் வரை போகலாம், அதற்குமேல் போகக்கூடாது. முதல் டிரே என் மேசைக்கு வந்தது. நான் வழக்கம்போலக் கல்லைத் துடைத்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்து, ஸ்கிரைபரைக் கல்வரைக்கும் இறக்கி சைபர் சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் பிராக்கெட்டை எடுத்தேன்.

நாற்பத்திரண்டு பாயிண்ட் ஒன் ஜீரோ.

இன்னொன்று எடுத்தேன். அதுவும் அதேதான். டிரேயின் அடியிலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சில் பாயிண்ட் ஒன் உயரம். கை தவறினால் இப்படி வரிசையாக ஒரே மாதிரி தவறாது. சிவப்பு அட்டையை எடுத்துக் கட்டினேன்.

கட்டிய முடிச்சு இறுகுவதற்குள் மெஷின் ஷாப் சூப்பர்வைசர் வந்து நின்றார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், அனகாபுத்தூர்க்காரர். மெஷினில் பாகத்தை செட் செய்வது, கோடு போடுவது, நடுநடுவே அளந்து பார்ப்பது எல்லாம் அவர் கையில். அவருக்குத் தனியாக ஒரு ஹைட் கேஜ் ஷாப்பில் இருக்கிறது. வாய் துடுக்கு, ஆனால் கை சுத்தமான ஆள்.

"இன்னாக்கா, வந்ததும் வராததுமா செவப்பு கட்டிகினு கீற? நான் பீஸ் பீஸா பாத்து அனுப்பிச்சேன். எல்லாம் ஃபார்ட்டி டூ. ஊசி மாதிரி நிக்குது."

"என் கேஜ்ல பாயிண்ட் ஒன் ஓவர்."

"உன் கேஜுக்கு அடுத்த மாசம் டியூ. என்து இப்பத்தான் கேலிபரேஷன் முடிஞ்சு வந்துச்சு. புது ஸ்டிக்கர் பாரு, மினுக்குன்னு கீது."

அது உண்மை. நான் லீவில் இருந்தபோது அவருடைய கேஜை வெளியே லேபுக்கு அனுப்பி, அளவு சரிபார்த்து, சான்றிதழோடு திரும்பி வாங்கியிருந்தார்கள். எல்லா உயரத்திலும் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்ட சான்றிதழ். கேஜின் அடிப்பாகத்தில் தேதி போட்ட ஸ்டிக்கர். எங்கள் ஊரில் ஸ்டிக்கர் ஒட்டிய பொருளைச் சந்தேகப்படுவது மரியாதைக் குறைவு.

"ஸ்டிக்கர் அளக்காது. ஸ்கிரைபர்தான் அளக்கும்" என்றேன். அப்போது வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று எனக்கே அப்போது தெரியாது.

அவர் போய் முதலாளியை அழைத்து வந்தார். கூடவே குவாலிட்டி எஞ்சினியரும் வந்தார். ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வரும் இளைஞர், கல்லூரி முடித்து இரண்டாவது வேலை. என்னை மேடம் என்று கூப்பிடுவார். எதையும் யோசித்துப் பேசுவார், அதனாலேயே கொஞ்சம் தாமதமாகப் பேசுவார்.

முதலாளி நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை சுலபமாக இருந்திருக்கும். சாயங்காலம் வேன் கிளம்ப வேண்டும், வாங்குகிற கம்பெனியிலிருந்து காலையிலிருந்தே போன் வந்துகொண்டிருக்கிறது. அவர் டிரேயைப் பார்த்தார், சிவப்பு அட்டையைப் பார்த்தார், பிறகு என் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"ஆபரேஷன் ஆகி எத்தனை நாள்மா ஆச்சு?"

"டாக்டர் வேலைக்குப் போகலாம்னு சொல்லித்தான் வந்தேன் சார்."

"அதுக்கில்ல. புதுக் கண்ணு. செட் ஆக டைம் எடுக்கும்ல? கோடு கோடா பாக்கற வேலை. கொஞ்ச நாள் பேக்கிங்ல இருங்களேன். கண்ணுக்கும் ரெஸ்ட். இங்க வேற ஆளை உட்கார வச்சுக்கலாம். இந்த லாட்டுக்கு எஞ்சினியர் தம்பியே சைன் பண்ணட்டும்."

 பேக்கிங்கில் வேலை செய்பவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நாள் என்று அனுப்பப்பட்டு இந்த அறைக்குத் திரும்பி வந்தவர்கள் யாரும் இல்லை. என் கண்ணைக் காரணம் காட்டி என்னை எழுப்பினால், அதன்பிறகு எந்த அறையிலும் எந்த கேஜையும் யாரும் என்னை நம்பித் தர மாட்டார்கள். அதுதான் அன்று என் முன்னால் இருந்த விஷயம். பிராக்கெட் அப்புறம்.

நான் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் கல்லை நோக்கி இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஸ்லிப் கேஜ் போட்டுப் பாக்கலாம் சார். ரெண்டு கேஜையும் இதே கல்லுல. அவரோட கேஜ்ல ஸ்கேலே தப்பு, எனக்குத் தெரியும். நான் படிக்க மாட்டேன். எஞ்சினியர் படிக்கட்டும். நான் சுவரைப் பாத்துகிட்டு நிக்கறேன்."

ஸ்லிப் கேஜ் என்பது சின்னச் சின்ன எஃகுக் கட்டிகள். ஒவ்வொன்றின் கனமும் மைக்ரான் கணக்கில் உறுதியானது. இரண்டு கட்டிகளைச் சுத்தமாகத் துடைத்து, குறுக்காக வைத்து அழுத்தித் திருப்பினால் ஒட்டிக்கொள்ளும், பசை எதுவும் வேண்டாம். நாற்பதும் இரண்டும் சேர்த்தால் நாற்பத்திரண்டு. ஹைட் கேஜ் பொய் சொல்லலாம், நான் பொய் சொல்லலாம், முதலாளி வியாபாரத்துக்காகக் கொஞ்சம் சொல்லலாம். அந்தக் கட்டிகள் சொல்லாது. பெட்டியைப் பூட்டி சாவியை நான்தான் வைத்திருந்தேன்.

முதலாளி வாட்சைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் சங்கடம்.

கட்டிகளைப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்து, ஷாமாய் என்கிற மெத்தென்ற தோலால் உலர்த்தி, மூன்று அடுக்கு கட்டினேன். இருபதும் ஐந்தும் சேர்த்து இருபத்தைந்து. நாற்பதும் இரண்டும். பிறகு தொண்ணூறும் பத்தும் சேர்த்து நூறு. கைச்சூடு போகட்டும் என்று கல்லின்மேல் கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன். ஒரு உயரத்தில் மட்டும் பார்த்தால் போதாது. ஸ்கேலில் கோளாறு இருந்தால் அது கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகத்தான் வெளிப்படும்.

சூப்பர்வைசர் தன் கேஜைத் தூக்கி வந்தார். இங்கே எங்கள் ஷாப்பின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கேஜ் கம்பெனியுடையது, ஆனால் ஸ்கிரைபர் அவரவருடையது என்று எங்களுக்கு ஒரு எண்ணம். இரவல் போனால் மூக்கு உடைந்து வரும், லேபுக்குப் போனால் காணாமல் போய்விடும். அதனால் கேஜ் எங்கே போனாலும் முதலில் ஸ்கிரைபரைக் கழற்றி, துணியில் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். அவரும் அப்படித்தான் வந்தார். தாடை வெறுமையாக இருந்தது. யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. எனக்கும்தான். என் இழுப்பறையிலிருந்து உபரி ஸ்கிரைபரை எடுத்து நானே நீட்டினேன். அவர் மாட்டி இறுக்கினார்.

நான் சொன்னபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சுவரில் காலண்டர் இருந்தது, ஏதோ ஒரு கடையின் பெயரோடு. மேலே விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

எஞ்சினியர் முதலில் ஸ்கிரைபரைக் கல்வரைக்கும் இறக்கினார். "சைபர் சைபர்லதான் இருக்கு." பிறகு கட்டிகளின்மேல் ஒவ்வொன்றாக வைத்து நிதானமாகப் படித்தார்.

"இருபத்தஞ்சு பாயிண்ட் ஜீரோ ஜீரோ." கொஞ்ச நேரம். "நாற்பத்திரெண்டு பாயிண்ட் ஜீரோ ஜீரோ." இன்னும் கொஞ்ச நேரம். "நூறு... நூறு பாயிண்ட் ஜீரோ ஜீரோ. ஸ்கேல் கரெக்ட் மேடம்."

அடுத்து என் கேஜ். அதுவும் மூன்று உயரத்திலும் சரியாகவே நின்றது.

நான் திரும்பினேன். மூன்று பேரும் என்னைப் பார்த்த விதம் இன்னும் நினைவிருக்கிறது. சூப்பர்வைசர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பாவம் என்ற பார்வை. ஸ்கேல் தப்பு என்று அடித்துப் பேசியவள் நான். அது தப்பாகப் போனது.

"ரெண்டு கேஜும் நல்லா இருக்கு. அப்போ பாக்கறவங்கதானே வித்தியாசம்?" என்றார் முதலாளி. குரலில் வெற்றி எதுவும் இல்லை. "திங்கட்கிழமையிலேர்ந்து பேக்கிங். கோவிச்சுக்காதீங்கம்மா." போன் அடித்தது, பேசிக்கொண்டே வெளியே போனார். சூப்பர்வைசர் உபரி ஸ்கிரைபரைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு, "வுடுக்கா, கண்ணு தானா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுத் தன் கேஜோடு போனார்.

அறையில் நானும் எஞ்சினியரும் மட்டும். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம் ரொம்பப் பொல்லாதது. "அந்த பிராக்கெட்டை எடுங்க தம்பி. என் கேஜ்ல நீங்களே பாருங்க" என்றேன்.

அவர் எடுத்தார், வைத்தார், பூதக்கண்ணாடியை நகர்த்தினார். நகர்த்தி மறுபடியும் பார்த்தார்.

"மேடம், எனக்கும் நாற்பத்திரெண்டு பாயிண்ட் ஒன் தான் வருது."

"உங்களுக்கும் புரையா?"

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். "ரெண்டு கேஜும் கரெக்ட். ஒரே பீஸ். ஆனா அங்க ஃபார்ட்டி டூ, இங்க பாயிண்ட் ஒன் அதிகம். அவரும் தப்பாப் படிக்கற ஆள் இல்ல. அப்படின்னா அங்க அவர் பாத்த கேஜும் இங்க நாம செக் பண்ண அவரோட கேஜும் ஒண்ணு இல்ல."

"ஒண்ணுதானே, இப்பத்தானே தூக்கிட்டுப்..."

சொல்லி முடிக்கவில்லை. என் மேசையில் கிடந்த உபரி ஸ்கிரைபர் கண்ணில் பட்டது. என்னுடையது. அவர் கேஜைச் சோதித்தது என்னுடைய ஸ்கிரைபரோடு. லேபில் சோதித்தது லேபின் ஸ்கிரைபரோடு. தினமும் பிராக்கெட்டின் தலையைத் தொடுகிற ஸ்கிரைபர் இந்த அறைக்கும் வரவில்லை, லேபுக்கும் போகவில்லை. அது அவர் சட்டைப் பையில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. சோறு நல்லதா என்று கேட்டதற்கு வெறும் பானையைப் பார்த்துச் சரி சொல்லியிருக்கிறோம்.

நான் வாசலுக்குப் போய், மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினேன். எனக்கு நல்ல குரல் உண்டு.

"யோவ்! கேஜை எடுத்துகிட்டு வா! ஸ்கிரைபரோட கொண்டு வா! நீ எப்படி யூஸ் பண்றியோ அப்படியே கொண்டு வா!"

மெஷின்களில் இரண்டு மூன்று நின்றன. முதலாளி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வந்தார். வேடிக்கை பார்க்க இன்னும் சிலர் வந்து கதவில் நின்றார்கள். வரட்டும். என் கண்ணைப் பற்றிக் காற்றில் பேசியவர்கள் இதையும் பார்க்கட்டும்.

சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்துக்கொண்டே பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துப் பிரித்து, ஸ்கிரைபரைத் தாடையில் வைத்து இறுக்கினார். எஞ்சினியர் அடிப்பாகத்தைத் துடைத்தார், கல்லைத் துடைத்தார். நான் இந்தத் தடவையும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். 

"இருபத்தஞ்சுக்கு... இருபத்திநாலு பாயிண்ட் ஒன்பது ஜீரோ."

யாரோ செருப்பைத் தேய்த்தார்கள்.

"நாற்பத்திரெண்டுக்கு நாற்பத்தொண்ணு பாயிண்ட் ஒன்பது ஜீரோ. நூறுக்குத் தொண்ணூத்தொன்பது பாயிண்ட் ஒன்பது ஜீரோ."

எஞ்சினியரின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "எல்லா இடத்துலயும் அதே பாயிண்ட் ஒன் குறைச்சல் சார். கீழ ஒரு மாதிரி மேல ஒரு மாதிரி இல்ல. அப்ப ஸ்கேல்ல தப்பு இல்ல. ஆரம்பமே தள்ளிப் போயிருக்கு." ஸ்கிரைபரைக் கல்லில் மெல்ல இறக்கினார். "பாருங்க. கல்லைத் தொடும்போது வெர்னியரோட சைபர், ஸ்கேல் சைபருக்குக் கீழ போய் நிக்குது."

நான் திரும்பி சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் ஸ்கிரைபரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலக்கா. கேஜ் லேபுக்குப் போயிருந்துச்சுல்ல, இது சும்மா கெடந்துச்சு. மூக்குல சின்ன செதில் போயிருந்துச்சு, கோடு தடியா வுழுந்துகினு இருந்துச்சு. கிரைண்டர்ல குடுத்து அடியில ஒரு பாஸ் எடுத்தேன். பளபளன்னு ஆயிடுச்சு."

"அடியிலயா!"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். இது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஸ்கிரைபரைத் தீட்ட வேண்டுமென்றால் மேல் சரிவைத்தான் தீட்ட வேண்டும். அடிமுகம் அளக்கிற முகம். அதில் எவ்வளவு தேய்க்கிறோமோ, அவ்வளவு தாடை கீழே இறங்கினால்தான் பொருளைத் தொடும். கேஜ் அந்த அளவுக்குக் குறைத்தே காட்டும். அடியைத் தேய்த்தே ஆக வேண்டும் என்றால் திரும்ப சைபர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குறைவதைக் கூட்டிப் படிக்க வேண்டும். வேறு நாளாக இருந்தால் கல்லைத் தொட்டுப் பார்த்தே அவர் கண்டுபிடித்திருப்பார். புதிதாகத் தீட்டிய மூக்கு கல்லில் பட்டு உடையக்கூடாது என்று தொடவே விடவில்லை. புது ஸ்டிக்கர் இருக்கும்போது தொட்டுப் பார்ப்பானேன் என்ற நினைப்பு வேறு.

"அப்ப ஷாப்ல ஃபார்ட்டி டூன்னு பாத்ததெல்லாம்?" முதலாளி கேட்டார்.

"ஃபார்ட்டி டூ பாயிண்ட் ஒன் சார்" என்றார் எஞ்சினியர். "மேடம் சொன்ன அதே அளவு."

"நான்தாண்ணே. அக்கா கண்ணு மேல தப்பு ஒண்ணும் இல்ல" என்றார் சூப்பர்வைசர், கதவில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய துடுக்கு வாயை நான் இன்றுவரை பொறுத்துக்கொள்கிறேன்.

நல்ல வேளையாக பிராக்கெட் உயரமாகத்தான் இருந்தது, குட்டையாக இல்லை. இருக்கிற இரும்பை எடுத்துவிடலாம், இல்லாத இரும்பை ஒட்ட முடியாது. இன்னொரு தடவை மெஷினில் ஏற்றி பாயிண்ட் ஒன் எடுத்தால் எல்லாம் உருப்படும். ஆனால் அன்றைய வேன் கிளம்பாது. நான் கட்டிகளைப் பிரித்து, துடைத்து, வாசலின் தடவிப் பெட்டியில் வைத்தேன். ஒட்டிய கட்டிகளை ரொம்ப நேரம் அப்படியே விட்டால் பிறகு பிரிக்க முடியாமல் போய்விடும்.  

கூட்டம் கலைந்தது. முதலாளி மட்டும் அறையிலேயே நின்று வாங்குகிற கம்பெனிக்குப் போன் போட்டார். ஏ.சி. சத்தத்தில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டார். நான் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

"சார், லாட் நாளைக்குத்தான் வரும். ஒரு சின்ன ரீவொர்க்... இல்ல சார், மெஷின்ல ஒண்ணும் இல்ல. கேஜ் எல்லாம் கேலிபரேட் பண்ணித்தான் வச்சிருக்கோம். இன்ஸ்பெக்ஷன்ல ஒரு அம்மா இருக்காங்க, இப்பத்தான் கண் ஆபரேஷன் ஆச்சு, கொஞ்சம் ரீடிங்ல..."

நான் பூட்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். கையை உயர்த்தி, விடுங்கள் என்பதுபோல் சைகை செய்தார். அதில் தப்பில்லை என்றே அவர் நினைத்தார். கம்பெனி முறை தவறியது என்று சொல்வதைவிட, ஒரு அம்மாவுக்குக் கண் சரியில்லை என்று சொல்வது எல்லோருக்கும் சுலபம். கேட்பவரும் பாவம் என்பார், விஷயம் முடிந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை, என்னைத் தவிர.

நான் போனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், நான்தான் அந்த இன்ஸ்பெக்ஷன் அம்மா. என் கண்ணு நல்லா இருக்கு. ஸ்கிரைபரோட அடியைத் தேய்ச்சுட்டாங்க, அதனால கேஜ் பாயிண்ட் ஒன் குறைச்சுக் காட்டுது. ஸ்கிரைபர் இல்லாம கேஜை மட்டும் கேலிபரேஷனுக்கு அனுப்பினோம். அதனாலதான் சர்ட்டிஃபிகேட்ல தெரியல. ஸ்லிப் கேஜ் போட்டுப் பாத்துட்டோம்."

  அந்தப் பக்கத்துக் குரல் மெதுவாக, யோசனையோடு கேட்டது.

"ஸ்கிரைபரைக் கழட்டிட்டா அனுப்பறீங்க?"

"இதுவரைக்கும் அப்படித்தான். இனிமே இல்ல."

"இருங்க... எங்க ஆளுங்களும் கழட்டிட்டுத்தான் அனுப்பறாங்கன்னு நினைக்கிறேன். நாளைக்கு லாட்டை அனுப்புங்க. நான் போய் இங்க பாக்கணும்." வைத்துவிட்டார்.

முதலாளி போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். முகம் சிவந்திருந்தது. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை.

"கஸ்டமர்கிட்ட இப்படியாம்மா பேசறது? கம்பெனி மானம் போகுதுல்ல?"

"போகட்டும் சார். உங்க கம்பெனி மானத்தைக் காப்பாத்த என் கண்ணைக் குடுக்க முடியாது. அது எனக்கு வேணும்."

அவர் கல்லைப் பார்த்தார், அதன்மேல் இன்னும் நின்றுகொண்டிருந்த சூப்பர்வைசரின் கேஜைப் பார்த்தார். அந்த மஞ்சள் துணி பக்கத்தில் கிடந்தது.

"திங்கட்கிழமை பேக்கிங்..." என்று ஆரம்பித்தார்.

"வேற ஆள் பாருங்க சார்" என்றேன். "நான் இங்கதான் இருப்பேன்."

அவர் கதவைத் திறந்து ஷாப்பைப் பார்த்து, யாரிடம் என்றில்லாமல், ரீவொர்க் ஆன முதல் பீஸை அம்மாவிடம் காட்டிவிட்டு மற்றதை ஓட்டச் சொன்னார். குரலில் எரிச்சல் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முதல் பீஸுக்காகக் காத்திருந்தேன்.